“எத்தனை நைட் வேண்டுமானாலும் பார்ப்பேன்” என்று எழுதாதீர்கள்

தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்சிங் சூப்பரின்டென்டென்டாக இருக்கிறேன். ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு வரும் கடிதங்களை முதலில் படிப்பது நான்தான். நல்ல பிள்ளைகள் பலர் ஒரே ஒரு வரியால் பின்தங்கிவிடுகிறார்கள். அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண்ணின் கடிதம் வந்தது. ஜிஎன்எம் முடித்து, 30 படுக்கை நர்சிங் ஹோமில் 2 வருடம் வேலை பார்த்தவர். எங்கள் ஐசியுவுக்கு விண்ணப்பித்திருந்தார். கடைசிப் பத்தி இப்படி இருந்தது: “எனக்குக் குடும்பப் பொறுப்பு உள்ளது. நைட் அலவன்ஸ் கிடைப்பதால் எத்தனை நைட் வேண்டுமானாலும் பார்ப்பேன். டபுள் ட்யூட்டிக்கும் தயார்.”

எழுதியவருக்கு அது ஆர்வம். படிக்கிற எனக்கோ மூன்று கவலைகள் வந்தன. அலவன்ஸ் என்பது பார்த்த நைட்டுக்குத்தான். ரோஸ்டரில் நைட் எல்லாருக்கும் சுற்றி வரும். ஒரு மாதம் 8 வரும், அடுத்த மாதம் 5 வரும். குறைந்த மாதத்தில் இவர் மனம் சுளித்து, பக்கத்து ஸ்டாஃபின் நைட்டை மாற்றிக் கேட்பாரோ என்பது முதல் கவலை. இரண்டாவது, தொடர்ந்து நைட் மட்டும் கேட்கிறவர்களில் சிலர் பகலில் வேறொரு நர்சிங் ஹோமில் ட்யூட்டி பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். தூங்காமல் வந்து நிற்கும் நர்ஸுக்கு விடிகாலை 3 மணிக்கு மேல் கண் இருட்டும். இன்சுலின் யூனிட்டைத் தப்பாக எடுப்பதும், பொட்டாசியம் ஏற்றும் வேகத்தைத் தப்பாக வைப்பதும் அந்த நேரத்தில்தான். மூன்றாவது, நைட்டிலேயே இருப்பவர் டாக்டர்களின் காலை ரவுண்டில் நிற்பதில்லை. ஒரு வருடம் கழித்தும் வேலை வளர்ந்திருக்காது.

பணம் தேவை என்று சொல்வது தப்பே இல்லை. எங்கள் சம்பளம் எவ்வளவு என்று எனக்கும் தெரியும். ஆனால் கடிதத்தில் நைட் என்ற சொல் அலவன்ஸோடு மட்டும் சேர்ந்து வந்தால், அந்த நைட்டில் படுத்திருக்கும் நோயாளி அங்கே காணாமல் போகிறார்.

அந்தப் பெண்ணை நேரில் அழைத்தேன். அவருடைய சான்றிதழ்கள் நன்றாக இருந்தன.

“ஏம்மா, நைட்ல என்ன பண்ணுவீங்க அங்க?” என்று கேட்டேன்.

“மேடம், ஆபரேஷன் முடிஞ்ச கேஸ் ஆறு பேர் இருப்பாங்க. நானும் ஒரு அசிஸ்டென்டும்தான். ஒரு தடவை வயித்து ஆபரேஷன் கேஸ் ஒண்ணுக்கு 2 மணிக்கு பல்ஸ் 88 இருந்துச்சு, 3 மணிக்கு 112. பிபி பெருசா குறையல. யூரின் பேக்ல ஒரு மணி நேரத்துல 20 எம்எல்கூட சேரல. எனக்கு ரத்தம் கசியுதோன்னு சந்தேகம். டாக்டரை எழுப்பிட்டேன். அவர் வந்து பார்த்து, விடியறதுக்குள்ள மறுபடி தியேட்டருக்குக் கொண்டு போனாங்க.”

ரத்தக் கசிவில் நாடித்துடிப்பு முதலில் ஏறும், ரத்த அழுத்தம் பிறகுதான் இறங்கும் என்பதைப் பாடமாகப் படிப்பது வேறு, விடிகாலை 3 மணிக்கு டாக்டரை எழுப்பும் தைரியம் வேறு. இந்தப் பெண்ணிடம் இரண்டும் இருந்தன. ஆனால் கடிதத்தில் இது ஒரு வரிகூட இல்லை. நைட்டுக்குத் தயார் என்பதற்கு இதைவிடச் சான்று எது?

எங்களைப் போன்ற இடங்களில் காலை 8 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 8, இரவு 8 முதல் காலை 8 என்று மூன்று ட்யூட்டி. நைட் தொடர்ச்சியாக சில நாள் வரும், பிறகு நைட் ஆஃப். இரவு 8 மணிக்கு மாலை ட்யூட்டி முடித்து, அடுத்து வருபவரிடம் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஓவர் கொடுத்துக் கிளம்ப 8.30 ஆகும், மறுநாள் காலை ட்யூட்டி விழுந்தால் 8 மணிக்கு முன்பே வந்து ஓவர் எடுக்க வேண்டும். இடையில் பயணமும் சமையலும் போக, தூக்கத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். சுற்று ட்யூட்டியில் ஆட்கள் தளருவது நைட்டில் மட்டும் இல்லை, இந்த மாறுதல் நாட்களிலும்தான். அதனால்தான் நான் கடிதத்தில் தேடுவது வீறாப்பை அல்ல, ஏற்பாட்டை. எங்கே தங்குவீர்கள், இரவு 8.30க்கு மேல் எப்படிப் போவீர்கள், பகலில் தூங்க இடம் உண்டா?

பெண்கள் பலர் “என் கணவர் சம்மதித்துவிட்டார்”, “வீட்டில் அனுமதி உண்டு” என்று எழுதுகிறார்கள். அது தேவையே இல்லை. உங்கள் வேலைக்கு நீங்கள் தகுதியானவரா என்றுதான் கேட்கிறோம். குழந்தை உண்டா, கல்யாணம் ஆகுமா என்பதையும் நீங்களாக எழுத வேண்டாம். தங்குமிடமும் வண்டியும் ஏற்பாடாகிவிட்டன என்ற வரி போதும்.

ஒரு குறிப்பிட்ட ட்யூட்டியைப் பார்க்கவே முடியாத நிலை இருந்தால் மட்டும் அதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். மறைத்துச் சேர்ந்து இரண்டாவது வாரமே மாற்றிக் கேட்டால், இன்னொரு பெண்ணின் நைட் ஆஃப் போகிறது. அந்தக் கசப்பு வார்டில் ரொம்ப நாள் நிற்கும்.

அந்தப் பெண்ணிடம் கடைசிப் பத்தியை எங்கள் மேசையிலேயே மறுபடி எழுதச் சொன்னேன். அவர் சொன்னவற்றையே வைத்து இப்படி வந்தது:

“நர்சிங் ஹோமில் 2 வருடமாக மூன்று ட்யூட்டியிலும் வேலை செய்துள்ளேன், மாதம் 7 அல்லது 8 நைட். இரவில் ஆபரேஷன் முடிந்த ஆறு நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு நாடித்துடிப்பு ஏறி, சிறுநீர் குறைந்ததைக் கவனித்து, டாக்டருக்கு உடனே தெரிவித்தேன். வென்டிலேட்டர் நோயாளியைத் தனியாகப் பார்த்த அனுபவம் இல்லை; தொடக்கத்தில் சீனியர் ஒருவருடன் நைட் பார்க்க விரும்புகிறேன். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே விடுதியில் தங்குவேன். ரோஸ்டரில் வரும் எந்த ட்யூட்டியும் எனக்குச் சரி.”

நோயாளியின் பெயர் இல்லை, மருத்துவமனையைப் பற்றிய குறை இல்லை. இரண்டும் வரவே கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன வரிதான் எனக்கு மிகப் பிடித்தது. “எல்லாம் தெரியும்” என்று வருகிறவரை ஐசியு நைட்டில் தனியாக விட எனக்குப் பயம். “டபுள் ட்யூட்டிக்குத் தயார்” என்ற வரியை நானே அடித்தேன். அந்த வரியைப் பார்த்து மகிழ்கிற நிர்வாகம் உங்களை அப்படியே பிழிந்துவிடும்.

பணத்தை எப்போது கேட்பது? நேர்முகத்தில், ட்யூட்டியைப் பற்றிப் பேசி முடித்ததும். “மாதத்துக்கு எத்தனை நைட் வரும், தொடர்ந்து எத்தனை, நைட் ஆஃப் எத்தனை, அலவன்ஸ் சம்பளத்திலேயே சேர்ந்ததா, தனியா?” என்று நேராகக் கேளுங்கள். இதே வரிசையில் கேட்டால் எனக்கு உறுத்தாது. ரோஸ்டர் எத்தனை நாள் முன்னால் ஒட்டப்படும் என்பதையும் கேளுங்கள். முந்தின நாள் இரவு ஒட்டுகிற இடத்தில் யாராலும் தூக்கத்தைத் திட்டமிட முடியாது.

அந்தப் பெண் சேர்ந்துவிட்டார். முதல் நைட்டில் சீனியர் சிஸ்டரோடு போட்டேன். காலை ஓவர் கொடுக்கும்போது நானும் நின்றேன். நான்காம் படுக்கைக்கு வந்ததும், “5 மணிக்கு பல்ஸ் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு, 6 மணிக்கு மறுபடி பார்த்தேன், இறங்கியிருக்கு, இன்னொரு தடவை பார்த்துக்குங்க” என்று காலை ஸ்டாஃபிடம் சொன்னார்.