நாலை விற்று அஞ்சு புள்ளி நாலை வாங்கினால் லாபமா?

சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் வைத்திருக்கிறேன். வரி பாரம் நிரப்ப வருகிற பெரியவர்கள் இப்போது பாண்டு என்கிற கடன் பத்திரத்தின் ஸ்டேட்மெண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். போன வாரம் வந்தவர் செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். இபிஎப் பணத்தில் ஒரு பகுதியைப் பாண்டில் போட்டிருக்கிறார். "தம்பி, இது நாலு பெர்சண்ட்தான் குடுக்குது. வித்துட்டு அஞ்சு புள்ளி நாலு குடுக்கிறதுக்கு மாறச் சொல்றாங்க. மாறுறதுதானே புத்தி?" என்றார். கையில் பாரம் இருந்தது, கையெழுத்தும் ஆகியிருந்தது. இதே கதையோடு எத்தனை பேர்தான் வருவார்கள்! அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய பாண்டை உருண்டையான எண்களில் சொல்கிறேன். முகமதிப்பு, அதாவது முதிரும்போது திரும்பி வருகிற தொகை, 10,000 வெள்ளி. கூப்பன் என்கிற வட்டி 4 சதவீதம், அதாவது வருடம் 400 வெள்ளி. முதிர்வுக்கு இன்னும் 5 வருடம். இன்றைய சந்தை விலை 9,400. ஸ்டேட்மெண்டில் யீல்டு என்ற இடத்தில் 5.40 என்று அச்சாகியிருக்கிறது. ஐயாவுக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம், பக்கத்துக் கட்டத்தில் இருந்த 9,400ஐப் பார்த்ததும் கோபம். இரண்டும் ஒரே செய்திதான் என்பது யாரும் அவருக்குச் சொல்லாத விஷயம்.

அந்த 5.40 எங்கிருந்து வந்தது? பலர் 400ஐ 9,400ஆல் வகுத்து 4.26 என்று நிறுத்திவிடுகிறார்கள். அது பாதிக் கணக்கு. இன்று 9,400 கொடுத்து வாங்குகிறவருக்குக் கடைசியில் 10,000 கிடைக்கிறதே, அந்த 600 எங்கே போயிற்று? ஐந்து வருடத்தில் வரப்போகும் எல்லாப் பணத்தையும் ஒரே வீதத்தில் தள்ளி இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சரியாக 9,400 வர வேண்டும். அப்படி வரவைக்கிற வீதம்தான் முதிர்வு யீல்டு. அந்த வீதம் ஒன்று முதல் ஐந்து அடுக்கு வரை வகுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பதால் நேராகப் பிரித்தெடுக்க வழியில்லை. கடையில் செருப்பைப் போட்டுப் பார்த்து அளவு கண்டுபிடிப்பது போல, ஒரு வீதத்தைப் போட்டுப் பார்த்து மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

5 சதவீதம் போட்டுப் பார்ப்போம். ஐந்து கூப்பன்களின் இன்றைய மதிப்பு 1,731.79, கடைசியில் வரும் 10,000இன் இன்றைய மதிப்பு 7,835.26. கூட்டினால் 9,567.05. நமக்கு வேண்டியது 9,400, எனவே மதிப்பு இறங்க வேண்டும், வீதம் ஏற வேண்டும். 5.5 போட்டால் 9,359.46, இப்போது கொஞ்சம் அதிகமாக இறங்கிவிட்டது. விடை இரண்டுக்கும் நடுவில், 5.5க்குப் பக்கத்தில் இருக்கிறது. இடைவெளியை விகிதமாகப் பிரித்தால் 5.40 என்று வரும். அதைப் போட்டால் 9,400.52. ஐம்பத்திரண்டு காசு மிச்சம், அவ்வளவுதான். எக்செலும் இதே தேடலைத்தான் செய்கிறது:

```
=RATE(5,400,-9400,10000)
```

5.401 சதவீதம் வரும். கட்டத்தில் பின்னம் காட்டாமல் 5% என்று மட்டும் தெரிந்தால் தசம இடங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். 9400க்கு முன்னால் கழித்தல் குறி போட மறந்தால் `#NUM!` என்று முறைக்கும், ஏனென்றால் கொடுக்கிற பணமே இல்லாமல் வருகிற பணம் மட்டும் இருந்தால் அப்படி ஒரு வீதமே கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூப்பன் தருகிற பாண்டு என்றால் 10 தவணை, 200 வெள்ளி என்று போட்டு, வரும் விடையை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது மேலே போட்டுப் பார்த்த எண்களையே திரும்பப் பாருங்கள். வீதம் 5இலிருந்து 5.5க்கு ஏறியதும் மதிப்பு இருநூறு வெள்ளிக்கு மேல் இறங்கியது. 3 சதவீதம் போட்டிருந்தால் 10,458 வந்திருக்கும். 400ம் 10,000மும் ஒப்பந்தத்தில் எழுதிய எண்கள், அசையாது. அசைய முடிந்தது விலை மட்டும்தான். புதிய பாண்டு 5.4 தரும்போது பழைய 4 சதவீதத்துக்கு எவன் முழு 10,000 கொடுப்பான்? வாங்குகிறவனுக்கும் 5.4 கிடைக்கிற அளவுக்கு விலை இறங்கி நிற்கிறது. பேங்க் நெகாரா 2020 ஜூலையில் 1.75ஆக இருந்த ஓபிஆர் என்கிற அடிப்படை வட்டி வீதத்தை 2022 மே முதல் படிப்படியாக ஏற்றி, 2023 மே மாதத்தில் 3.00க்குக் கொண்டுவந்தது. பாண்டு விலை இறங்கவும் செய்யும் என்பதை என்னிடம் வருகிறவர்கள் பலர் அப்போதுதான் பார்த்தார்கள்.

யீல்டு ஏறியதால் உங்கள் வட்டி ஏறவில்லை. மறுபடியும் சொல்கிறேன், உங்கள் வட்டி ஏறவில்லை! 5.4 என்பது இன்று 9,400க்கு வாங்குகிறவருக்கு. நீங்கள் 10,000 கொடுத்து வாங்கியிருந்தால் முதிர்வு வரை உங்களுடையது 4தான், வருடம் அதே 400தான்.

சரி, மாறினால் என்ன ஆகும்? விற்றால் 9,400 கைக்கு வரும். அதை அதே தரமுள்ள 5.4 சதவீதப் புதிய பாண்டில் போட்டால் வருடம் 507.60. பழையதைவிட 107.60 கூடுதல். விற்கிறவர் இதோடு பேச்சை நிறுத்திவிடுவார், நீங்கள் நிறுத்தாதீர்கள். அந்த 107.60ஐ வருடா வருடம் அதே 5.4இல் போட்டு வைத்தால் ஐந்தாம் வருட முடிவில் 599 வெள்ளி சேரும். ஆனால் புதிய பாண்டு முதிரும்போது திரும்பி வருவது 9,400. பழையதை வைத்திருந்தால் 10,000 வந்திருக்கும். 600 வெள்ளியை விட்டுவிட்டு 599 சம்பாதித்திருக்கிறீர்கள். இது தற்செயல் இல்லை, 9,400 என்ற விலையே இப்படிச் சமமாக வரும்படிதான் நின்றது. இதில் நிச்சயமாக லாபம் பார்ப்பவர் கட்டணம் வாங்குகிறவர் ஒருவர்தான். 9,400க்கு ஒன்றரை சதவீதம் என்றால் 141 வெள்ளி, இந்த மாற்றத்தில் அது சுத்த நஷ்டம்.

"அப்படின்னா விலை இறங்கினது பொய்யா?" என்று கேட்டார் ஐயா. பொய் இல்லை. இன்றே பணம் வேண்டுமென்றால் 9,400தான் கிடைக்கும். பேத்தி படிப்புக்கோ ஆபரேஷனுக்கோ தேவை என்றால் விற்றுத்தான் ஆக வேண்டும், அதில் தப்பே இல்லை. தேவை இல்லையென்றால், பாண்டு வெளியிட்டவர் ஒழுங்காகக் கட்டுகிறவரை, முதிர்வு நெருங்க நெருங்க விலை 10,000ஐ நோக்கித் தானாக வந்து சேரும்.

கட்டுகிறவரை என்றேன் அல்லவா, நான் பயப்படுவது அந்த இடத்தில்தான். எல்லாப் பணமும் தேதி தவறாமல் வரும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்குதான் 5.40. சந்தை வட்டி ஏறாமலே ஒரு பாண்டின் யீல்டு மட்டும் தனியாக எகிறினால், அந்தக் கம்பெனி கட்டுமா என்று சந்தேகப்பட்டு ஆட்கள் விலையைக் குறைக்கிறார்கள் என்று அர்த்தம். ஆகவே புதியது 5.4 தருகிறது என்று யாராவது சொன்னால், ரேம் அல்லது மார்க் என்கிற மதிப்பீட்டு நிறுவனம் கொடுத்த தரமதிப்பீட்டைக் கேளுங்கள், பழையதன் மதிப்பீட்டோடு ஒப்பிடுங்கள். தரம் குறைந்ததற்கு மாறிவிட்டு யீல்டு கூடிவிட்டது என்று சிரிக்காதீர்கள். பிக்சட் டெப்பாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை பிஐடிஎம் காப்பு உண்டு. பாண்டுக்கு அது கிடையாது, வங்கிக் கவுண்டரிலேயே வாங்கியிருந்தாலும் கிடையாது.

தயவுசெய்து பாரத்தில் கையெழுத்துப் போடுமுன் வாருங்கள், போட்டபிறகு இல்லை. வரும்போது பழைய பாண்டின் முதிர்வுத் தேதி, கூப்பன், விற்றால் கைக்கு வரும் தொகை, இரண்டு பக்கக் கட்டணம் இவற்றை எழுதி வாங்கி வாருங்கள். கட்டணத்தை எழுதித் தர மாட்டேன் என்கிற ஆளிடம் பேனாவையே எடுக்காதீர்கள்.