‘பு.எண்’ புல எண்ணா, புதிய எண்ணா? ஆவணப் படங்களில் வரும் சுருக்கங்களை விரித்தெழுதும் முன்

கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பப்படும் கிரயப் பத்திரம், பட்டா, அரசாணை போன்றவற்றைத் தட்டச்சு செய்து தருவதும் மொழிபெயர்த்துத் தருவதும் என் தொழில். இந்த வேலையில் அதிக நேரம் எடுப்பது மங்கிய எழுத்தைப் படிப்பதன்று. தெளிவாகவே தெரியும் ஒரு சுருக்கத்தை விரித்து எழுதலாமா, இருந்தபடியே விடலாமா என்று முடிவு செய்வதுதான். ஒரு சுருக்கத்தை விரிக்கும்போது, மூலத்தில் இல்லாத ஒரு கூற்றை நாம் அந்த ஆவணத்தின் வாயில் வைக்கிறோம். ஆகவே அந்த விரிவுக்கு அதே ஆவணத்தில் சான்று இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கிராமத்து நிலத்தின் கிரயப் பத்திரத்தில், சொத்து விவரத்தில் இப்படி ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம்: ‘ப.எண் 143, பு.எண் 87/2, ஏ. 0.45’. நகரத்து வீட்டு முகவரிகளையே பார்த்துப் பழகியவர் இதைப் பழைய எண், புதிய எண் என்று தயங்காமல் எழுதிவிடுவார். நில ஆவணங்களில் பழகியவருக்கோ பட்டா எண், புல எண் என்பதே முதலில் தோன்றும். 87/2 என்ற உட்பிரிவு வடிவம் புல எண்ணுக்குப் பொருந்துகிறது என்றாலும், மறு அளவையில் கொடுக்கப்பட்ட புதிய எண்ணும் அதே வடிவில்தான் இருக்கும் என்பதால் அதை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. நான்கெல்லையில் ‘பு.எண் 87/1க்குத் தெற்கு’ என்று வந்தாலும் ஐயம் தீராது. அடுத்த பக்கத்தில் ‘மேற்படி புல எண் 87/2-இல் உள்ள நிலம்’ என்றும், ‘பட்டா எண் 143’ என்றும் முழுச் சொற்களில் எழுதியிருந்தால்தான் விரித்தெழுதும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. அதனால்தான் பத்திரத்தின் ஒரு பக்கப் படத்தை மட்டும் வைத்து வேலையைத் தொடங்கக் கூடாது.

அந்த வரியில் மிக ஆபத்தானது ‘ஏ.’ என்ற ஓரெழுத்துதான். அது ஏக்கர் என்றால் 0.45 என்பது 45 சென்ட், அதாவது ஏறத்தாழ 1,821 சதுர மீட்டர். ஏர் என்று விரித்துவிட்டால் அதே எண் 45 சதுர மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. நிலம் நாற்பதில் ஒரு பங்காகக் குறைந்துபோகும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருப்பதால், அதே நிலம் அங்கே 0 ஹெக்டேர் 18.21 ஏர் என்பதையொட்டி வர வேண்டும். பத்திரத்தில் வேறோரிடத்தில் ‘ஆக சென்ட் 45’ என்றிருக்கிறதா என்று பார்த்து, கிடைத்தால் பட்டாவோடும் ஒத்துப்பார்த்த பிறகே ஏக்கர் என்று எழுதுவேன்.

விரித்த பகுதியை எப்போதும் பகர அடைப்புக்குள் வைக்கிறேன்: ‘பு.எண் [புல எண்] 87/2’. மூலத்தில் இருந்தது எது, நான் சேர்த்தது எது என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும். முதலில் வரும் இடத்தில் இப்படிக் காட்டினால் போதும். பிறகு சுருக்கமே தொடரலாம். சான்று கிடைக்காதபோது சுருக்கத்தை அப்படியே வைத்து, அதற்கு இருக்கக்கூடிய இரண்டு பொருள்களையும் அடிக்குறிப்பில் சொல்லிவிடுகிறேன்.

சிலவற்றைப் பொருள் தெரிந்தாலும் விரிக்கக் கூடாது. ‘ந.க.எண் 1234/அ3/2019’ என்ற கடித எண்ணில் அ3 என்பது கோப்பைக் கையாளும் இருக்கையைக் குறிக்கும் அடையாளம். அதை ‘அரசு’ என்றோ ‘அலுவலகம்’ என்றோ நீட்டினால், அந்த எண்ணைக் கொண்டு கோப்பைத் தேடுகிறவர் தடுமாறுவார். அரசாணை எண்ணுக்கு முன்னால் அடைப்புக்குள் வரும் ‘நிலை’, ‘வாலாயம்’ போன்றவையும் அப்படியே. அவை வெவ்வேறு எண் வரிசைகளைக் குறிப்பதால், ஒன்றை விட்டாலோ மாற்றினாலோ ஆணையே வேறாகிவிடும். பெயரின் முன்னெழுத்துகளும் இவ்வகைதான். ‘த/பெ’ தந்தை பெயரைக் குறிக்கிறது என்பதால், ஒருவரின் ‘மு.’ என்ற முன்னெழுத்தை ‘த/பெ’க்கு அடுத்து வரும் முருகேசன் என்ற பெயராக விரிக்க நமக்கு அதிகாரமில்லை. தாத்தாவின் பெயரோ ஊரின் பெயரோ முன்னெழுத்தாக இருப்பதும் உண்டு.

படம் என்பதால் மட்டுமே வரும் ஒரு சிக்கலும் இருக்கிறது. மடிப்பிலோ ஓரத்திலோ பாதி மறைந்த சொல் சுருக்கம்போலத் தோன்றும். வரியின் கடைசியில் ‘சார்’ என்று நின்றால் அது சார்பதிவாளர் என்பதன் வெட்டுண்ட பாதியாக இருக்கலாம். அதே ஓரத்தில் மேலும் கீழும் உள்ள வரிகளும் நடுச் சொல்லில் அறுந்திருந்தால் அது சுருக்கமன்று, இழப்பு. சுருக்கத்தின் புள்ளிகள் ஒளிச் சிதறலில் மறைந்து ‘பு எண்’ என்று நிற்பதும் உண்டு. அந்த இடங்களில் நான் எதையும் நிரப்புவதில்லை. ‘[படத்தில் வெட்டுப்பட்டுள்ளது]’ என்று குறித்துவிட்டு, தாளைத் தட்டையாக விரித்து நான்கு ஓரங்களும் தெரியும்படி மறுபடி படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.