அதே செம்பு, வேறு இடைவெளி: அலுமினியக் கலவை கடினமாவதும் மீண்டும் மென்மையாவதும்

பெர்லினுக்கு அருகில் உள்ள நொய்பாபெல்ஸ்பெர்க்கில் 1906 ஆம் ஆண்டில் ஆல்ஃபிரெட் வில்ம் என்னும் உலோகவியலாளர், எஃகைக் கடினமாக்கும் வழியிலேயே அலுமினியத்தையும் கடினமாக்கிவிட முடியுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். எஃகைச் செந்தழலாகக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினால் அது அந்தக் கணத்திலேயே கடினமாகிவிடும். ஏறத்தாழ 4 விழுக்காடு செம்பும் சிறிதளவு மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தை அவர் அப்படியே செய்து பார்த்தபோது, அது மென்மையாகவே இருந்தது. ஆனால் ஒரு சனிக்கிழமை அளந்த துண்டை வார விடுமுறை கழிந்து மீண்டும் அளந்தபோது, யாரும் தொடாமல் கிடந்த அந்தத் துண்டு வெகுவாகக் கடினமாகியிருந்தது என்று சொல்லப்படுகிறது. வில்ம் தம் முடிவுகளை 1911 இல் வெளியிட்டார். அந்தக் கலவைதான் பின்னர் டியூராலுமின் என்ற பெயரில் வானூர்திகளுக்கு உடலாயிற்று. துண்டுக்குள் என்ன நடந்தது என்பது அவருக்கே விளங்கவில்லை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் மென்மையான துண்டுக்கும் கடினமான துண்டுக்கும் இடையே அப்போது எந்த வேறுபாடும் தெரியவில்லை.

விளக்கத்தின் முதல் பாதி 1919 இல் அமெரிக்காவின் தரநிலைப் பணியகத்தில் மெரிக்கா, வால்டன்பெர்க், ஸ்காட் ஆகிய மூவரிடமிருந்து வந்தது. திண்ம அலுமினியத்தில் செம்பு எவ்வளவு கரையும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது என்பதே அதன் சாரம். 548 டிகிரி செல்சியசில் எடையில் 5.65 விழுக்காடு வரை செம்பு கரையும். அறை வெப்பநிலையிலோ 0.2 விழுக்காடுகூடக் கரையாது. கொதிக்கும் பாகில் கரைந்த சர்க்கரை, ஆறியதும் இடமின்றிக் கற்கண்டாக வெளியேறுவதைப் போன்ற நிலைதான் இது. வேறுபாடு ஒன்றே: இங்கே கரைப்பானும் திண்மம், கரைந்திருப்பதும் திண்மம்.

செம்பு மட்டும் 4 விழுக்காடு கலந்த எளிய கலவையையே எடுத்துக்கொள்வோம். இதில் செம்பு முழுவதும் கரைவதற்குச் சுமார் 500 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஆகவே 540 டிகிரியில் உலையில் வைத்து, பழைய செம்புச் சேர்மத் துகள்கள் யாவும் மறைந்து, அலுமினியத்தின் படிக அணிக்கோவையில் செம்பு அணுக்கள் சீராகப் பரவும் வரை காத்திருக்கிறார்கள். இதற்குக் கரைசல் பதப்படுத்தல் என்று பெயர். உருக்குவது இதன் நோக்கமன்று. உருகினால் வேலையே கெட்டுவிடும். வானூர்தித் தகடுகளில் பயன்படும் 2024 என்னும் கலவையில் தவறுக்கு இடம் மிகக் குறைவு. அதை 493 டிகிரியை ஒட்டிப் பதப்படுத்துகிறார்கள். அதற்கு மேல் பத்து டிகிரி ஏறினாலே, உலோகம் ஆக்கப்பட்டிருக்கும் நுண்ணிய படிக மணிகளின் எல்லைகளில் உள்ளூர உருகல் தொடங்கிவிடக்கூடும். அப்படி உருகிய பாகத்தை வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டைத் திட்டுகளும், மூன்று மணிகள் சந்திக்கும் இடங்களில் தடித்த முக்கோணங்களும் தெரியும். மீண்டும் பதப்படுத்தி அந்தப் பொருளை மீட்க வழியில்லை. அதை உடைசலில்தான் போட வேண்டும்.

அடுத்த படி குளிர்வித்தல். உலையிலிருந்து எடுத்த துண்டைச் சில விநாடிகளுக்குள் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். வெளியேற நேரமில்லாத செம்பு, கரைந்த நிலையிலேயே அணிக்கோவைக்குள் சிக்கிக்கொள்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்த அதிதெவிட்டிய கரைசலின் திண்ம வடிவம் இது. இந்த இடத்தில் சோம்பினால், துண்டு 400 டிகிரிக்கும் 300 டிகிரிக்கும் இடையே மெல்ல இறங்கும்போதே செம்பு மணி எல்லைகளில் பருமனாகப் படிந்துவிடும். அந்தச் செம்பு பின்னர் வலிமைக்குப் பயன்படாது. அதோடு, எல்லை வழியே அரிப்பு ஊடுருவவும் அதுவே பாதை போட்டுக் கொடுக்கும்.

தண்ணீர் சிறைப்பிடிப்பது செம்பை மட்டும் அன்று. உயர் வெப்பநிலையில் எந்தப் படிகத்திலும் அணு இல்லாத காலியிடங்கள் கணிசமாக இருக்கும். திடீரெனக் குளிரும்போது அவையும் மறைய நேரமின்றி உள்ளே தங்கிவிடுகின்றன. ஓர் அணு நகர வேண்டுமானால் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். காலியிடங்கள் இயல்பான அளவில் மட்டும் இருந்திருந்தால் அறை வெப்பநிலையில் செம்பு அணுக்கள் அசையவே முடிந்திருக்காது. வில்மின் துண்டு மேசையில் கிடந்தபடியே கடினமானதற்கு இந்த மிகுதிக் காலியிடங்களே காரணம். வானூர்தித் தொழிற்கூடங்களில் 2024 கலவை ரிவெட்டுகளைக் குளிர்வித்தவுடன் உறைபெட்டியில் போட்டு வைப்பதும் இதனால்தான். வெளியே எடுத்துப் பத்து, இருபது நிமிடங்களுக்குள் அடித்து முடிக்காவிட்டால் அவை கடினமாகி, அடிக்கும்போது வெடித்துப் போகும்.

சிக்கிய செம்பு மெல்ல வெளியேற விடுவதே முதிர்த்தல். செம்பு எடுத்த எடுப்பில் தன் இறுதி வடிவத்துக்குப் போய்விடுவதில்லை என்பதுதான் இதில் சுவையான செய்தி. பிரான்சில் கினியரும் பிரிட்டனில் பிரெஸ்டனும் 1938 இல் தனித்தனியே எக்ஸ் கதிர்ப் படங்களில் மங்கலான கோடுகளைக் கண்டு, அவற்றிலிருந்து இதை ஊகித்தார்கள். செம்பு அணுக்கள் முதலில் ஒரே அணுத் தடிமனும் சில நானோமீட்டர் விட்டமும் கொண்ட வட்டத் தகடுகளாகத் திரள்கின்றன. அவை இன்றும் அந்த இருவர் பெயராலேயே வழங்குகின்றன. இத்தகடு அலுமினியத்தின் அணிக்கோவையை அறுப்பதில்லை. அதே வரிசையில்தான் அமர்ந்திருக்கிறது. ஆனால் செம்பு அணு அலுமினிய அணுவைவிடப் பத்து விழுக்காட்டுக்கும் மேல் சிறியது என்பதால், சுற்றியுள்ள வரிசைகள் தகட்டை நோக்கி வளைந்து இறுக்கமடைகின்றன. அறை வெப்பநிலையில் கதை இங்கேயே நின்றுவிடும். 130 முதல் 190 டிகிரி வரை சூடாக்கினால் மேலும் இரண்டு இடைநிலை வடிவங்களைக் கடந்து, கடைசியில் ஒரு செம்பு அணுவுக்கு இரண்டு அலுமினிய அணுக்கள் என்ற விகிதத்தில் அமைந்த CuAl₂ சேர்மத்தில் போய் முடியும். கடைசி வடிவத்தின் அணிக்கோவை முற்றிலும் வேறு. அதற்கும் சுற்றியுள்ள அலுமினியத்துக்கும் வரிசைத் தொடர்பு எதுவும் இல்லை.

இந்தத் துகள்கள் உலோகத்தை எப்படிக் கடினமாக்குகின்றன என்பதை அறிய, உலோகம் வளைவது எப்படி என்று பார்க்க வேண்டும். விரித்த ஜமக்காளத்தை முழுதாக இழுத்து நகர்த்துவது கடினம். அதில் ஒரு சுருக்கத்தை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் எளிதாக நகரும். படிகத்தில் அந்தச் சுருக்கத்தின் இடத்தில் இருப்பது இடப்பெயர்வு என்னும் கோட்டுக் குறைபாடு. அது தடையின்றி ஓடினால் உலோகம் மென்மையானது; தடுக்கி நின்றால் கடினமானது. துகள் சிறியதாகவும் அணிக்கோவையோடு ஒட்டியும் இருக்கும்போது, இடப்பெயர்வு அதை வெட்டிக்கொண்டு கடந்து போகிறது. துகள் வளர வளர வெட்டுவதற்கு வேண்டிய விசையும் கூடுகிறது. முதிர்த்தலின் முதல் பாதியில் கடினத்தன்மை ஏறுவது இதனால்தான்.

ஓர் அளவுக்கு மேல் வெட்டுவதைவிடச் சுற்றிப் போவதே இடப்பெயர்வுக்கு எளிதாகிவிடுகிறது. இரு துகள்களுக்கு நடுவே அது வில்லாக வளைந்து, பிதுங்கி, ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஒரு வளையத்தை விட்டுவிட்டு அப்பால் செல்கிறது. இந்த வழியை 1948 இல் ஓரோவான் என்னும் இயற்பியலாளர் விளக்கினார். இரண்டு முளைகளுக்கு இடையே கட்டிய கயிறு குட்டையாக இருந்தால் அதை வளைப்பது கடினம். நீளமாக இருந்தால் எளிது. கணக்கும் அவ்வளவே எளியது:

τ ≈ G b / L

இதில் G அலுமினியத்தின் விறைப்புக் குணகம், சுமார் 26,000 மெகாபாஸ்கல். b இடப்பெயர்வு ஓர் எட்டில் நகரும் தூரம், 0.286 நானோமீட்டர், L துகள்களுக்கு இடையே உள்ள தூரம். தூரம் 50 நானோமீட்டர் என்றால் இடப்பெயர்வைத் தள்ளிவிட ஏறத்தாழ 150 மெகாபாஸ்கல் தேவை. அதுவே 500 நானோமீட்டர் ஆனால் 15 மெகாபாஸ்கல் போதும்.

கடினத்தன்மை உச்சத்தைத் தொட்ட பின்னும் முதிர்த்தல் தொடர்வதே மிகைமுதிர்வு. அதில் உலோகம் மென்மையாவதன் விடை இந்த L என்ற ஒற்றை எழுத்தில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. உச்சத்தைக் கடந்தபின் வெளியேறுவதற்குச் செம்பு அதிகம் மிச்சமில்லை. ஆனால் சிறு துகளுக்கு அதன் பருமனோடு ஒப்பிடப் புறப்பரப்பு அதிகம் என்பதால் அதன் ஆற்றலும் அதிகம். ஆகவே சிறியவை மீண்டும் கரைய, அந்தச் செம்பு அலுமினியத்தின் ஊடே விரவிச் சென்று பெரிய துகள்களில் படிகிறது. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் ஒட்டிச் சேர்வதைப் போன்றதன்று இது; துகள்கள் இருந்த இடத்தைவிட்டு நகர்வதே இல்லை. விட்டம் இரண்டு மடங்கானால் அதே செம்புக்குத் துகள்களின் எண்ணிக்கை எட்டில் ஒன்றாகக் குறையும், அவற்றுக்கிடையேயான தூரம் இரண்டு மடங்காகும், சுற்றிப் போகத் தேவையான விசை பாதியாகும். அதோடு, துகள் CuAl₂ ஆக மாறி வரிசைத் தொடர்பை அறுத்துக்கொள்ளும்போது, முன்பு சுற்றிலும் இருந்த இறுக்கமும் தளர்ந்துவிடுகிறது. சில நூல்கள் இந்த இரண்டாவது காரணத்தையே முதன்மையாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நேரத்தையும் வெப்பநிலையையும் தேர்ந்தெடுப்பதில் உள்ள பேரமும் இதிலிருந்தே வருகிறது. நம் 4 விழுக்காட்டுக் கலவை 190 டிகிரியில் ஏறத்தாழ ஒரு நாளில் உச்சத்தைத் தொட்டுவிடும். 130 டிகிரியில் அதற்குப் பல நாட்கள் ஆகும். ஆனால் குறைந்த வெப்பநிலையில் துகள்கள் மிக நெருக்கமாகவும் சிறியவையாகவும் பிறப்பதால், தாமதமாக வரும் அந்த உச்சமே உயரமானது. தொழிற்சாலை பல நாட்கள் உலையை எரிக்காது. சற்றுத் தாழ்ந்த உச்சத்தோடு நிறைவடைந்துவிடும்.

கடினத்தன்மை ஏறி இறங்கும் வளைகோடு என்பதால் ஒரு சிக்கல் உண்டு: ஒரே எண் ஏறும் பக்கத்திலும் கிடைக்கும், இறங்கும் பக்கத்திலும் கிடைக்கும். கடினமானி காட்டும் எண்ணை மட்டும் வைத்து, துண்டு உலையில் போதாமல் இருந்ததா, கூடுதலாக இருந்ததா என்று சொல்ல முடியாது. இதற்கு மின்கடத்துதிறன் கைகொடுக்கிறது. கரைந்து சிதறிய செம்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இடறிவிடுபவை. உலையில் முதிரும்போது அவை துகள்களாக ஒதுங்க ஒதுங்கக் கடத்துதிறன் கூடிக்கொண்டே போகும், உச்சத்தைக் கடந்த பின்னும் திரும்பி இறங்காது. சுழல் மின்னோட்டக் கருவியின் முனையைத் தகட்டின் மேல் வைத்து அதையும் அளந்தால், எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

மிகைமுதிர்வு எப்போதும் பிழையால் வருவதும் அன்று. துத்தநாகமும் மெக்னீசியமும் கலந்த 7075 கலவை உச்ச வலிமையில் இருக்கும்போது, இழுவிசையும் ஈர அரிப்பும் சேர்ந்தால் விரிசல் விடக்கூடியது. அதனால் அதை வேண்டுமென்றே உச்சத்தைத் தாண்டி முதிர்த்து, வலிமையில் பத்து, பதினைந்து விழுக்காட்டை இழந்து, அந்த விரிசலைத் தவிர்க்கிறார்கள்.

வேண்டாத மிகைமுதிர்வு நேர்ந்துவிட்டால், குளிர வைத்தோ வேறு வெப்பநிலையில் மீண்டும் முதிர்த்தோ சரிசெய்ய முடியாது. பருத்த துகள்களை மறுபடியும் முழுதாகக் கரைத்து, கரைசல் பதப்படுத்தலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கும் எல்லை உண்டு. அரிப்பைத் தடுப்பதற்காகத் தூய அலுமினியத்தை இருபுறமும் மெல்லிய படலமாகப் பொதித்த 2024 தகட்டை உலைக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும், உள்ளிருக்கும் செம்பு அந்தப் படலத்துக்குள் கொஞ்சம் விரவுகிறது. அது மேற்பரப்பை எட்டிவிட்டால் படலம் தன் காப்பை இழந்துவிடும் என்பதால், தகடு எவ்வளவு மெல்லியதோ, மறுமுறை பதப்படுத்த அவ்வளவு குறைந்த தடவைகளே விதிமுறைகள் இடம் தருகின்றன.