கிணற்றை எண்ணும்போது ஆழ்துளைக் கிணறும் சேர்ந்துவிடுகிறது

சேலத்தில் இருந்துகொண்டு, சிறு அமைப்புகள் எடுக்கும் கருத்துக்கணிப்புகளைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். ஏற்காட்டைச் சுற்றியுள்ள காபி, மிளகுத் தோட்டக்காரர்களிடம் எடுத்த கணிப்பு ஒன்றில் நான் செய்த பிழையை இங்கே எழுதுகிறேன். அதே பிழையை மற்றவர்களின் கோப்புகளிலும் பலமுறை பார்த்துவிட்டேன். ஃபார்முலா எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல் ஓர் எண்ணைத் தந்துவிடுவதால், யாருக்கும் சந்தேகமே எழுவதில்லை.

கேள்வி எளிமையானது: “உங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பொருந்துவன எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கவும்.” கூகுள் ஃபார்மில் இப்படிப் பல விடைகளைத் தேர்வு செய்ய அனுமதித்தால், ஒருவர் தேர்ந்தெடுத்த அத்தனையும் ஷீட்டில் ஒரே கட்டத்துக்குள், நடுவே காற்புள்ளியும் ஓர் இடைவெளியுமாக வந்து விழும். கணக்கு விளங்குவதற்காக எட்டுப் பேரின் விடைகளை மட்டும் மாதிரியாக வைத்துக்கொள்வோம். இவை B2 முதல் B9 வரை இருக்கின்றன.

```
கிணறு, ஓடை
ஆழ்துளைக் கிணறு
கிணறு, ஆழ்துளைக் கிணறு
ஓடை, மழை
ஆழ்துளைக் கிணறு, ஓடை
கிணறு
மழை
ஆழ்துளைக் கிணறு, மழை
```

கண்ணால் எண்ணினால் கிணறு 3, ஆழ்துளைக் கிணறு 4, ஓடை 3, மழை 3. நான் அன்று பயன்படுத்தியது, எல்லோருக்கும் முதலில் கைக்கு வரும் இந்த ஃபார்முலாவைத்தான்:

```
=COUNTIF(B2:B9,"*கிணறு*")
```

இது 6 என்று சொல்லும். நட்சத்திரக் குறிக்கு “முன்னும் பின்னும் எது இருந்தாலும் சரி” என்று பொருள். ஆகவே “ஆழ்துளைக் கிணறு” என்ற விடைக்குள் இருக்கும் “கிணறு” என்ற சொல்லும் பொருந்திவிடுகிறது. முதலிடத்துக்கு வராத ஒன்று இப்படித்தான் பட்டியலின் தலைக்கு ஏறியது. தோட்டக்காரர்களுக்கு எந்த உதவி முதலில் தேவை என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அந்தப் பட்டியலை வைத்தபோது, திறந்த கிணறுகளைத் தூர்வாருவதே முதல் வேலை என்ற பேச்சு எழுந்தது. நாகலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர்தான், “எங்க பக்கம் முக்காவாசி போர்தானுங்களே, இத்தன கெணறு எங்கீங்க இருக்குது?” என்று கேட்டார். அவர் கேட்டிராவிட்டால் அந்த எண் அப்படியே அறிக்கைக்குள் போயிருக்கும்.

வீடு திரும்பி, வேறு வழியில் சரிபார்க்கலாம் என்று ஒவ்வொரு கட்டத்தையும் பிரித்துப் பார்த்தேன். விடைகளுக்கு நடுவே காற்புள்ளியும் இடைவெளியும் இருப்பதால், `SPLIT(B2,", ")` என்று இரண்டையும் சேர்த்தே கொடுத்தேன். இப்போது கிணறு 7 ஆனது. கூகுள் ஷீட்டின் SPLIT, நாம் கொடுக்கும் பிரிப்பானை ஒரே துண்டாக எடுத்துக்கொள்வதில்லை. அதிலுள்ள ஒவ்வோர் எழுத்திலும் தனித்தனியாக வெட்டும் என்பதே அதன் இயல்பான அமைப்பு. எனவே இடைவெளி வந்த இடத்திலெல்லாம் வெட்டி, “ஆழ்துளைக்” என்று ஒரு துண்டையும் “கிணறு” என்று ஒரு துண்டையும் கொடுத்துவிட்டது. இரண்டையும் வைத்திருந்தவரின் விடையில் கிணறு இரண்டு முறை எண்ணப்பட்டதால்தான் 6 என்பது 7 ஆயிற்று. இரண்டு வழிகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தந்தது எனக்குத் தவறான தைரியத்தைக் கொடுத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பட்டியலில் “ஆழ்துளைக்” என்று ஒற்றோடு முடிந்து தொங்கிய அந்தத் துண்டைப் பார்த்த பிறகே காரணம் புரிந்தது. மூன்றாவதாக FALSE சேர்த்து `SPLIT(B2,", ",FALSE)` என்று எழுதினால் பிரிப்பானை முழுதாக எடுத்துக்கொள்ளும்.

இப்போது நான் எண்ணுவதற்குப் பயன்படுத்தும் ஃபார்முலா வேறு. விடைப்பட்டியல் D2 முதல் கீழ்நோக்கி இருப்பதாகக் கொள்வோம்.

```
=SUMPRODUCT(--ISNUMBER(FIND(
","&SUBSTITUTE(D2," ","")&",",
","&SUBSTITUTE($B$2:$B$9," ","")&",")))
```

கட்டத்தின் இரு முனைகளிலும் ஒரு காற்புள்ளியை ஒட்டிவிடுகிறோம். தேடும் சொல்லுக்கும் இரு பக்கமும் காற்புள்ளி வேலி போடுகிறோம். அப்போது “,கிணறு,” என்பது முழு விடையாக இருக்கும் இடத்தில் மட்டுமே பொருந்தும். “,ஆழ்துளைக்கிணறு,” என்பதற்குள் புக முடியாது. இடைவெளிகளை இரண்டு பக்கமும் நீக்கிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. காகிதப் படிவத்திலிருந்து கையால் தட்டச்சு செய்த வரிகளில் சிலர் காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடுவார்கள், சிலர் விடமாட்டார்கள். இந்த ஃபார்முலா பழைய எக்செலிலும் வேலை செய்யும். ஒருவர் ஒரே விடையை இரண்டு முறை எழுதியிருந்தாலும் அவரை ஒரு முறைதான் எண்ணும்.

இதற்கு ஒரு குறை உண்டு: நாம் கேட்ட விடைகளை மட்டுமே எண்ணும். “மற்றவை” என்ற இடத்தில் ஒருவர் “போர்” என்றும் இன்னொருவர் “போர்வெல்” என்றும் எழுதியிருந்தால், அவை ஆழ்துளைக் கிணற்றிலும் சேராமல், எங்கும் தெரியாமல் போய்விடும். அதனால் எண்ணுவதற்கு முன்பே கோப்பில் உண்மையில் என்னென்ன துண்டுகள் இருக்கின்றன என்று கூகுள் ஷீட்டில் விரித்துப் பார்த்துவிடுகிறேன்.

```
=ARRAYFORMULA(QUERY(FLATTEN(TRIM(IFERROR(SPLIT(B2:B9,",")))),
"select Col1, count(Col1) where Col1<>'' group by Col1",0))
```

காற்புள்ளியில் மட்டும் வெட்டி, ஓரத்து இடைவெளியை TRIM கொண்டு அகற்றிவிடுவதால் “ஆழ்துளைக் கிணறு” உடையாமல் வரும். இதில் தெரியும் பிற சொற்களைப் பார்த்து, எதை எதனோடு சேர்ப்பது என்று முடிவு செய்துகொள்ளலாம். அந்த முடிவைக் களத்துக்குப் போய்வந்தவரிடம் கேட்டுச் செய்வதே நல்லது. மலையில் “ஊற்று” என்று எழுதியவர் ஓடையைச் சொல்கிறாரா, வேறொன்றைச் சொல்கிறாரா என்று ஷீட்டைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது.

எந்த வழியில் எண்ணினாலும், ஒரு சரிபார்ப்பைத் தவறவிடுவதில்லை. ஒரு கட்டத்தில் இருக்கும் விடைகள், அதிலுள்ள காற்புள்ளிகளைவிட ஒன்று கூடுதல். ஆகவே மொத்தக் காற்புள்ளிகளோடு, நிரம்பிய கட்டங்களைக் கூட்டினால் மொத்த விடைகள் கிடைத்துவிடும்.

```
=SUMPRODUCT(LEN(B2:B9)-LEN(SUBSTITUTE(B2:B9,",","")))+COUNTA(B2:B9)
```

நம் மாதிரியில் காற்புள்ளிகள் 5, கட்டங்கள் 8, ஆக 13. சரியான எண்ணிக்கையின் கூட்டுத்தொகையும் (3+4+3+3) அதே 13. என் முதல் வழியில் கூட்டியிருந்தால் 16 வந்திருக்கும், இரண்டாம் வழியில் 17. கூட்டிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இந்தச் சரிபார்ப்புக்கும் பிடிபடாத ஒன்று, விடையின் பெயருக்குள்ளேயே காற்புள்ளி இருப்பது. படிவம் தயாரிப்பவர் “ஓடை, ஊற்று” என்று ஒரே விடையாக வைத்துவிட்டால், கூகுள் ஃபார்ம் அதை மேற்கோள் குறிக்குள் பொதிந்து தருவதில்லை; ஷீட்டில் அது இரண்டு விடைகள் போலவே நிற்கும். படிவம் வெளியே போகும் முன் “ஓடை / ஊற்று” என்று மாற்றிவிட வேண்டும். விடைகள் வந்தபின் தெரிந்தால், எண்ணுவதற்கு முன் புதிய நெடுவரிசையில் `=SUBSTITUTE(B2,"ஓடை, ஊற்று","ஓடை / ஊற்று")` என்று திருத்திக்கொள்ளலாம், மூலத்தைத் தொட வேண்டாம்.

சதவீதம் போடும்போது கீழே வரவேண்டியது ஆட்களின் எண்ணிக்கையா, விடைகளின் எண்ணிக்கையா என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் 8 பேரில் 4 பேர், அதாவது 50 சதவீதம். 13 விடைகளில் 4 என்று போட்டால் அதுவே சுமார் 31 சதவீதமாகிவிடும். எத்தனை தோட்டக்காரர்களிடம் போர் இருக்கிறது என்று கேட்பவருக்கு முதல் எண்தான் பதில். அப்படிப் போட்ட சதவீதங்களைக் கூட்டினால் இங்கே 162.5 வரும், அது பிழையல்ல. அடுத்த கூட்டத்தில் திருத்திய பட்டியலை வைத்தபோது, அந்தக் கூட்டுத்தொகை ஏன் நூறைத் தாண்டுகிறது என்பதை அட்டவணைக்குக் கீழேயே ஒரு வரியில் எழுதிக் கொடுத்தேன். நாகலூர்ப் பெரியவர் போருக்கு நேரே இருந்த எண்ணை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “இது சரிங்க” என்றார்.