60 அடியில் நல்ல தண்ணீர், 120 அடியில் உப்பு

ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆந்திர எல்லை அவருக்குக் கூப்பிடு தூரம், கிழக்கே பழவேற்காடு ஏரி. "சார், பக்கத்துக் கொல்லையில் 60 அடி போர், தண்ணீர் இன்றும் நன்றாக இருக்கிறது. நான் செலவு செய்து 120 அடி இறக்கினேன். முதல் இரண்டு வருடம் குறையில்லை, இப்போது உப்புக் கரிக்கிறது. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்த்தவர், இன்னும் 100 அடி போனால் உப்பைத் தாண்டி நல்ல ஊற்று வரும் என்கிறார். போடலாமா?"

பெரும்பாலும் வேண்டாம். இருக்கிற போரின் அடிப்பகுதியை மூடுவதுதான் அநேகமாகச் சரியான வழி. கேட்க விசித்திரமாக இருக்கும், அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கடலோர மணலில் மழைநீர், கடல்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நல்ல தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ என்றால் கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோ. 40 மீட்டர் உயரமுள்ள கடல்நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்க 41 மீட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். அந்த உபரி ஒரு மீட்டர்தான் கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் நிலத்தடி நீர்மட்டம். ஆகவே, நீர்மட்டம் கடலை விட 1 மீட்டர் உயரமாக இருந்தால், அதற்கு நேர் கீழே கடல் மட்டத்திலிருந்து 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர், அதற்கும் கீழே உப்பு. நெதர்லாந்தின் ராணுவப் பொறியாளர் படோன் கைபன் 1880களின் இறுதியிலும், ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியாகக் கண்டுசொன்ன கணக்கு இது. இதை மறுபுறமும் படிக்க வேண்டும். மேலே 25 சென்டிமீட்டர் இறங்கி அப்படியே நீடித்தால், கீழே உப்பு 10 மீட்டர் ஏறிவிடும்.

இது ஊர் முழுக்க நடப்பது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஒரு தனிப் போருக்குக் கீழே நடப்பது. மோட்டார் ஓடும்போது அது உறிஞ்சுவது பக்கவாட்டில் இருக்கிற நீரை மட்டுமல்ல. கீழே அமைதியாகக் கிடக்கிற உப்புநீரின் மேல் அழுத்தம் குறைகிறது, அது போரின் அடியை நோக்கிக் கவிழ்த்து வைத்த புனல் போல மேலெழும்புகிறது. இறைப்பு அதிகமானால் கூம்பும் உயரும். போரின் அடிக்கும் உப்புக்கும் இடையே உள்ள தூரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏறும்வரை அது ஒரு நிலையில் நின்றுவிடும். அதைத் தாண்டினால் பிறகு நிற்காது, சட்டென்று போருக்குள் வந்துவிடும்.

அந்த எல்லையைத் தொடாமல் ஒரு நாளில் எவ்வளவு இறைக்கலாம்? சூத்திரத்தில் அந்த இடைவெளி இருமடியாக வருகிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் இறைக்கக்கூடிய அளவு நான்கு மடங்கு.

நம் வாசகரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தரை கடலை விட 4.5 மீட்டர் உயரம், நீர்மட்டம் 1 மீட்டர் உயரம், மணல் நடுத்தரம், நாளொன்றுக்கு 20 மீட்டர் நீர்கடத்துத் திறன் என்று வைத்துக்கொள்கிறேன். உப்பு 40 மீட்டர் ஆழத்தில். 120 அடி போரின் அடி கடல் மட்டத்துக்கு 32 மீட்டர் கீழே இருக்கும், உப்புக்கு மேலே 8 மீட்டர்தான் இடைவெளி. பக்கத்துக் கொல்லையின் 60 அடி போர் 14 மீட்டரில் முடிகிறது, அதற்கு இடைவெளி 26 மீட்டர். கணக்குப்படி முதலாவதில் நாளைக்கு 67,000 லிட்டர் வரை எடுக்கலாம், இரண்டாவதில் 7 லட்சம் லிட்டர். மணிக்கு 25,000 லிட்டர் தள்ளுகிற மோட்டார் என்றால், ஆழமான போருக்கு மூன்று மணி நேரம்கூட இல்லை. ஆழமில்லாத போரில் இரவு பகலாக ஓட்டினாலும் எல்லை எட்டாது. (நடைமுறையில் இரண்டிலும் இதைவிடக் குறைத்தே எடுக்க வேண்டும். உப்புக்கும் நல்ல நீருக்கும் நடுவே கத்தியால் வெட்டிய கோடு கிடையாது, இரண்டும் கலந்த ஒரு பட்டை இருக்கும்.)

அப்புறம் வறட்சி. நீர்மட்டம் 75 சென்டிமீட்டருக்கு இறங்கி சில ஆண்டுகள் அப்படியே கிடந்தால் உப்பு 30 மீட்டருக்கு ஏறிவிடும். 32 மீட்டரில் நிற்கிற போர், மோட்டாரைப் போடாமலே உப்புக்குள் இருக்கும். நீரோட்டக்காரரின் தேங்காய்க்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆழத்தில் களிமண்ணுக்குக் கீழே தனியாக அடைபட்ட நல்ல ஊற்று சில இடங்களில் உண்டுதான். அதை மண்ணின் மின்தடையை அளந்து சொல்வார்கள், கையில் தேங்காய் எழுந்து நிற்பதை வைத்து அல்ல.

மோட்டாரை நிறுத்தினால் கூம்பு இறங்காதா? இறங்கும், ஆனால் மெதுவாக. மேலே இழுத்தது மோட்டாரின் பலம். கீழே இழுப்பது இரண்டு நீருக்கும் உள்ள எடை வித்தியாசம் மட்டும், நாற்பதில் ஒரு பங்கு. நாள்கணக்கில் ஏறியது மாதக்கணக்கில் இறங்கும், மணலில் கொஞ்சம் உப்பையும் விட்டுவிட்டுத்தான் போகும்.

இதையே ஒரு வட்டாரம் முழுக்க செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் தெற்கே மீஞ்சூர் இருக்கிறது. 1960களின் இறுதியிலிருந்து மணலித் தொழிற்சாலைகளுக்காக அங்கே கிணறுகளில் பெரிய அளவில் நீர் எடுத்தார்கள், விவசாயிகளும் இறைத்தார்கள். 1969இல் கடலோரத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே இருந்த உப்பு, 1980களில் மேலும் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. 1987இல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2010இல், அதே மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில், நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. நிலத்தடியில் கடலை உள்ளே விட்டவர்கள் மேலே கடலை வடிகட்டிக் குடிக்கிறோம். ஆலைக்குப் பணம் கிடைக்கிறது, ஊருக்கு நான்கு கண்காணிப்புக் கிணறு தோண்டி மாதம் ஒருமுறை உப்பளவு பார்க்க மட்டும் பணம் கிடைப்பதில்லை என்பது என் பழைய புகார்.

ஆரணியாற்றின் குறுக்கே தடுப்பணை கட்டி மழைநீரை நிறுத்துவதற்குப் பின்னாலும் அந்த நாற்பதின் கணக்கே இருக்கிறது. மட்டம் 25 சென்டிமீட்டர் உயர்ந்து நிலைத்தால் உப்பு 10 மீட்டர் கீழே தள்ளப்படும். ஆற்று மணலை அள்ளிப் படுகையைத் தாழ்த்தினால் அந்த மட்டமே கரையில் நிற்காது. முகத்துவாரப் பக்கம் ஓதநீரும் உள்ளே ஏறிவிடும்.

வாசகருக்கு ஒரு சோதனை. தண்ணீரின் உப்பளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள், விலை சில நூறு ரூபாய்தான். இரண்டு நாள் மோட்டாரைப் போடாமல் விட்டு, மூன்றாம் நாள் காலையில் ஓடவிட்டு 10 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முதலில் குறைவாக இருந்து ஓட ஓட ஏறினால், கீழிருந்து கூம்பு எழுகிறது என்று பொருள். அப்படியானால் அடிப்பகுதியைக் களிமண்ணோ சிமெண்டோ இட்டு 60 அடி வரை அடைக்கச் சொல்லுங்கள். அந்த ஆழத்தில் நல்ல மணல் இருக்கும் இடத்தில் குழாய் வடிகட்டியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக 60 அடி போர்தான். சின்ன மோட்டார் போட்டு, ஒரே மூச்சில் இறைக்காமல் பிரித்து இறையுங்கள். இரண்டு ஆழமில்லாப் போர்களைத் தள்ளித் தள்ளி வைத்துப் பாதிப்பாதி எடுப்பது ஒரு போரில் மொத்தத்தையும் எடுப்பதைவிட நல்லது.

முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை ஒரே அளவு உப்பு காட்டினால், அது வேறு விஷயம். அநேகமாக உங்கள் மோட்டார் எழுப்பிய கூம்பு மட்டும் காரணமல்ல. ஏரியோ பக்கிங்காம் கால்வாயோ பக்கவாட்டில் ஊறுகிறது, அல்லது மட்டம் ஊர் முழுக்கவே இறங்கிவிட்டது. அந்த நிலையில் உங்கள் ஒருவர் போரை அடைத்துப் பயனில்லை. பக்கத்துக் கொல்லைக்காரரையும் சேர்த்துக்கொண்டு மாதாமாதம் நீர்மட்டத்தை அளக்க ஆரம்பியுங்கள். அவருடைய 60 அடிக்கும் இடைவெளி சுருங்கிக்கொண்டுதான் இருக்கும்.