சம்பள ஃபைல் எல்லோருக்கும் போய்விட்டதா? ரீகாலை நம்பி உட்காராதீர்கள்

இந்த வருடம் இது மூன்றாவது போன். "சார், சம்பள ஷீட் தப்பா ஆல்-ஸ்டாஃப் ஐடிக்குப் போயிடுச்சு, உடனே ரீகால் குடுத்துட்டேன், போதும்ல?"

போதாது. பதினேழு வருடமாக சம்பளக் கணக்கு பார்க்கிறேன், இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அவுட்லுக்கின் ரீகால், கம்பெனிக்குள்ளே இருக்கும் மெயில் பெட்டிகளில் மட்டும்தான் வேலை செய்யும். பழைய முறையில் ஒருவர் மெயிலைத் திறந்துவிட்டால் அதோடு சரி, மெயிலும் அப்படியே இருக்கும், அதைத் திரும்பப் பெற முயன்றீர்கள் என்ற தகவலும் அவருக்குப் போய்ச் சேரும், அதுவரை கவனிக்காதவரும் அப்புறம்தான் திறந்து பார்ப்பார். புதிய கிளவுட் முறை படித்த மெயிலையும் எடுக்கும்தான். ஆனால் டவுன்லோட் ஆன ஃபைல், சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் ஆனது, வாட்ஸ்அப்பில் போன ஸ்க்ரீன்ஷாட், இவை எதையும் எந்த ரீகாலும் தொடாது. ஜிமெயிலின் அன்டூ என்றால் அதிகபட்சம் 30 வினாடி.

கோவைப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனி, 212 பேர். சம்பளப் பிரிவில் இருக்கும் தம்பி மூன்று மேலாளர்களுக்கு அனுப்ப வேண்டிய இன்க்ரிமென்ட் ஷீட்டைக் காலை 9.40-க்கு எல்லோருக்கும் தட்டிவிட்டார். முகவரியில் இரண்டு எழுத்து அடித்ததும் குழு ஐடி முதலில் வந்திருக்கிறது. ரீகால் கொடுத்துவிட்டு, யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று சும்மா இருந்துவிட்டார். 10.15-க்கு ஷாப்ஃப்ளோர் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிட்டது. அப்போதுதான், "தவறுதலாக ஒரு கோப்பு அனுப்பப்பட்டுவிட்டது, பெயரும் சம்பளமும் மட்டுமே உள்ளன, சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு மெயில் போட்டார்.

அந்த ஒரு வரியில் இரண்டு பெரிய தப்பு. 'அனுப்பப்பட்டுவிட்டது' என்றால் யார் அனுப்பியது? 212 பேருக்கும் தெரிந்த பதிலை மறைக்கும் மன்னிப்பை யார் ஏற்பார்கள்? அதைவிட மோசம் அந்த 'மட்டுமே'. எக்செலில் அவர் மறைத்து வைத்திருந்த காலம்களில் வங்கிக் கணக்கு எண்ணும் கடன் பிடித்தமும் இருந்தன. ஹைட் செய்தது பூட்டு இல்லை, ரைட் கிளிக் செய்து அன்ஹைட் கொடுத்தால் வந்துவிடும். மதியம் யாரோ கொடுத்தார்கள். ஃபைல் போனதற்கு வந்த கோபத்தைவிட, 'பொய் சொல்லிவிட்டார்கள்' என்று வந்த கோபம்தான் பெரிது.

எனக்கு அழைப்பு வந்தது அதற்கப்புறம்தான். அனுப்பிய ஃபைலையே திறந்து, மறைந்த காலம், மறைந்த ஷீட் எல்லாவற்றையும் விரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் எழுதி வைத்தோம். பிறகு அந்தத் தம்பியே எழுதியது இது:

"இன்று காலை 9.40-க்கு சம்பள ஃபைலை உங்கள் எல்லோருக்கும் அனுப்பியது நான். அனுப்பும் முன் முகவரியைச் சரிபார்க்கவில்லை. அதில் உங்கள் பெயர், சம்பளம், கடன் பிடித்தம், வங்கிக் கணக்கு எண் இருக்கின்றன. பெயரும் சம்பளமும் மட்டும்தான் என்று முன்பு எழுதியது தவறு. பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி யாராவது ஓடிபி கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். எல்லா மெயில் பெட்டியிலிருந்தும் ஃபைலை நீக்க ஐடி துறையிடம் கேட்டிருக்கிறேன், வெளியே போன பிரதிகளை அதனால் நீக்க முடியாது. வேலை எந்த அளவில் இருக்கிறது என்று மாலை 5 மணிக்கு எழுதுகிறேன். என்னை மன்னியுங்கள்."

5 மணிக்கு வேலை முடியவில்லை. முடியவில்லை என்றே எழுதச் சொன்னேன், எழுதினார்.

அப்புறம் அதே வாரத்தில் செய்தவை: குழு ஐடிக்கு மெயில் அனுப்பும் அனுமதி இரண்டு பேருக்கு மட்டும். சம்பளப் பிரிவின் எல்லா மெயிலும் இரண்டு நிமிடம் தாமதமாகப் போகும்படி அவுட்லுக்கில் ஒரு ரூல். ஃபைலுக்கு பாஸ்வேர்டு, அதை அதே மெயிலில் எழுதாமல் போனில் சொல்வது. இவ்வளவுதான், தயவுசெய்து இன்றைக்கே போட்டு வையுங்கள்!

மேலாளர்களே, உங்களுக்கும் ஒன்று. சம்பளத்தைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று சர்க்குலர் விடாதீர்கள். ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் இருப்பதைப் பார்த்தவர் கேட்கத்தான் செய்வார். உட்கார வைத்துக் காரணம் சொல்லுங்கள், காரணம் இல்லையென்றால் சரிசெய்யுங்கள்.

அந்த ஃபைலில் சொசைட்டிக் கடனுக்கு மாதாமாதம் பாதிச் சம்பளம் போகும் ஒரு சூப்பர்வைசர் இருந்தார். மகள் கல்யாணக் கடன், வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. பொது மெயில் அவருக்குப் போதாது, நேரில் போங்கள் என்றேன். தம்பி லேத் பக்கத்தில் போய் நின்று, "அண்ணே, உங்க விஷயம் என்னாலதான் வெளிய வந்துச்சு, மன்னிச்சுக்கங்க" என்றார். அவர் மிஷினை நிறுத்தவே இல்லை. அந்த மாதமும் அடுத்த மாதமும் சம்பளச் சீட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார். மூன்றாவது மாதம் சீட்டோடு மேஜைக்கு வந்து, "தம்பி, இந்த பிஎஃப்ல எவ்வளவு எடுக்கலாம்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று கேட்டிருக்கிறார்.