செங்குத்தாக நிற்கும் மண்சுவர் ஏன் திடீரென்று சரிகிறது?

கழிவுநீர்க் குழாய்க்காக 2.4 மீட்டர் ஆழம், 80 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் வெட்டப்படுகிறது. களிமண். இரு பக்கமும் கத்தியால் அறுத்தது போல நேராக நிற்கின்றன. காலையில் வெட்டியது மதியம் வரை அசையவில்லை. அதனால் எல்லோருக்கும் தைரியம் வந்துவிடுகிறது, ஆட்கள் குழாய் பதிக்க இறங்குகிறார்கள். இத்தனை நேரம் நின்றது இனிமேலும் நிற்கும் என்ற நம்பிக்கைதான் இங்கே ஆளைக் கொல்கிறது. களிமண்ணைப் பொறுத்தவரை, நேரம் போகப்போக ஆபத்து கூடத்தான் செய்யும்.

காரணம் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர். தோண்டுவதற்கு முன் அந்த மண்ணைப் பக்கத்து மண் இரு புறமும் அழுத்திப் பிடித்திருந்தது. ஒரு பக்கத்தை வெட்டி எடுத்ததும் அந்தப் பிடி போய்விடுகிறது. மண் லேசாக விரியப் பார்க்கிறது. களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவை என்பதால், விரியும் இடத்தை நிரப்பத் தண்ணீர் உடனே வந்து சேர முடியாது. உள்ளே இருக்கும் தண்ணீர் இழுபடுகிறது. அதன் அழுத்தம் காற்றழுத்தத்துக்கும் கீழே இறங்குகிறது. அந்த உறிஞ்சும் விசை மண்துகள்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கிறது. நேராக நிற்கும் சுவர் பெரும்பாலும் இந்தக் கடன் வாங்கிய வலிமையில்தான் நிற்கிறது. சுற்றிலுமிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து வர வர, உறிஞ்சு விசை குறைகிறது, வலிமையும் குறைகிறது. வெடிப்பில்லாத கெட்டிக் களிமண்ணில் இதற்கு நாட்கணக்கில், வாரக்கணக்கில்கூட ஆகலாம். வண்டல் கலந்ததிலும், ஏற்கெனவே நுண்வெடிப்புகள் உள்ளதிலும் சில மணி நேரமே போதும். ஈர மணலும் இப்படித்தான் சற்று நேரம் நிற்கும். வெயிலில் காய்ந்தாலும் சரி, மழையில் ஊறினாலும் சரி, அந்தப் பிடிப்பு போய்விடும்.

இதைக் கணக்காகப் பார்க்கலாம். நம் பள்ளத்தின் மண்ணுக்கு ஒட்டும் வலிமை 30 கிலோபாஸ்கல், எடை கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 டன் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பில் விரிசல் விழும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் பழைய சூத்திரத்தின்படி, இந்த மண் சுமார் 4.4 மீட்டர் வரை தாங்கலின்றி நேராக நிற்கலாம். 2.4 மீட்டர் அதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது, ஆகவே கவலையே இல்லை போலத் தோன்றும். ஆனால் ஊறி, வலிமை பாதியாகக் குறைந்தால் அந்த எல்லையும் பாதியாகி 2.2 மீட்டருக்கு வந்துவிடும். பள்ளம் அதைவிட ஆழம். இடையில் வெளிக்கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரிந்திருக்காது.

ஒரு சின்ன அடையாளம் மட்டும் உண்டு. சரிவதற்கு முன் தரையில் விளிம்புக்கு இணையாக ஒரு முடி விரிசல் விழும். பெரும்பாலும் அது விளிம்பிலிருந்து பள்ளத்தின் ஆழத்தில் பாதி முதல் முக்கால் பங்கு தூரத்தில் இருக்கும். நம் பள்ளத்தில் 1.2 முதல் 1.8 மீட்டர். வழக்கமாகத் தோண்டிய மண்ணைக் குவிக்கும் இடமும் அதுதான். அந்தக் குவியல் விரிசலை மறைக்கிறது, கூடவே பிளவுபடும் துண்டின் மேல் எடையையும் ஏற்றுகிறது. அமெரிக்க விதி குவியலைக் குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது. அது மண் உருண்டு உள்ளே விழாமல் இருக்கத்தான். விரிசல் தெரிய வேண்டுமென்றால் ஆழத்தின் அளவுக்கே தள்ளி வைப்பதுதான் என் கருத்தில் சரி. சுவரின் நடுப்பகுதி உள்பக்கமாக உப்பினாலோ, சிறு கட்டிகள் உதிர்ந்துகொண்டே இருந்தாலோ, பார்த்துக்கொண்டு நிற்காமல் மேலே ஏறிவிட வேண்டும்.

சரி, என்ன செய்வது? ஒரு வழி சரிவாக வெட்டுவது. அமெரிக்க விதிகளில் மண் மூன்று வகைப்படுகிறது. மிகக் கெட்டியான களிமண்ணுக்கு ஒரு மீட்டர் ஆழத்துக்கு முக்கால் மீட்டர் வெளியே சாய்க்க வேண்டும். நடுத்தரத்துக்கு ஒன்றுக்கு ஒன்று. மணலுக்கும், நீர் கசியும் மண்ணுக்கும் ஒன்றுக்கு ஒன்றரை. கட்டைவிரலை அழுத்திப் பார்ப்பது ஒரு தொடக்கச் சோதனை. பெரும் முயற்சிக்குப் பின்தான் தடம் பதிகிறது என்றால் கெட்டி, சுலபமாக உள்ளே போனால் மிருது. முன்பு தோண்டி மூடிய மண்ணை மட்டும், விரல் என்ன சொன்னாலும், கெட்டி வகையில் சேர்க்கக் கூடாது. பழைய குழாய்க்குப் பக்கத்தில் புதுக் குழாய் போடும்போது பலரும் தவறுவது இங்கேதான்.

நம் மண் நடுத்தரம். ஒன்றுக்கு ஒன்று சாய்த்தால் மேல் அகலம் 0.8-லிருந்து 5.6 மீட்டராகிறது. நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.92 கன மீட்டருக்குப் பதிலாக 7.68 கன மீட்டர் மண் எடுக்க வேண்டும், சரியாக நான்கு மடங்கு. திறந்தவெளியில் அஸ்திவாரம் தோண்டும்போது இதைவிட நல்ல வழி இல்லை, ஏனென்றால் உடைந்துபோக எதுவுமே இல்லை. தெருவில், இரு பக்கமும் கட்டடம் இருக்கையில் இது நடக்காது. அங்கே பலகை அடித்து முட்டுக் கொடுக்க வேண்டும்.

முட்டு எவ்வளவு தாங்க வேண்டும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்த ஆழத்துக்கும் இந்த மண்ணுக்கும் பக்கவாட்டு அழுத்தத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 2 டன் என்று எடுப்பார்கள். ஒன்றரை மீட்டர் இடைவெளியில், மேலும் கீழுமாக இரண்டு முட்டு வைத்தால் ஒவ்வொன்றின் மீதும் 3.6 டன் வருகிறது. கையில் கிடைத்த சவுக்குக் கம்பு இதற்கு ஆகாது. பலகைகள் செங்குத்தாக மண்ணைத் தொட்டு நிற்க, அவற்றின் மேல் நீளவாக்கில் கனமான கட்டைகள் ஓட, அந்தக் கட்டைகளுக்கு இடையே முட்டு இறுக வேண்டும். பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விட்டால் மண் அந்த இடத்துக்கு நகர்ந்து, அந்த நகர்விலேயே விரிசல் தொடங்கிவிடும். பின்னால் தண்ணீர் தேங்கினால் கணக்கு மாறிவிடும். 2.4 மீட்டர் தண்ணீர் நின்றால், அடிமட்டத்தில் அதுமட்டுமே சதுர மீட்டருக்கு 2.4 டன் தள்ளும். அதனால் மழைக்குப் பிறகு மறுபடி பரிசோதிக்காமல் யாரும் இறங்கக் கூடாது.

வரிசைதான் எல்லாவற்றிலும் முக்கியம். மேலே வரும் முட்டுக்கட்டையை முதலில் வைத்து, அப்புறம் அதற்குக் கீழே உள்ளதை வைக்க வேண்டும். வைப்பவர் எப்போதும் ஏற்கெனவே தாங்கப்பட்ட பகுதிக்குள், அல்லது தரையிலேயே நிற்க வேண்டும். எடுக்கும்போது தலைகீழாக, கீழ் முட்டு முதலில், மண் நிரப்பிக்கொண்டே மேலே வர வேண்டும். வேலை முடிந்துவிட்டது என்ற அவசரத்தில் எல்லா முட்டுகளையும் ஒரேயடியாகக் கழற்றுவது மிக ஆபத்து, ஏனென்றால் அந்நேரத்தில் மண் ஊற வேண்டிய அளவுக்கு ஊறியிருக்கும்.

ஒருவேளை சரிந்தே விட்டால், மீட்கக் குதிப்பவரும் சிக்குவது வழக்கம். முதல் சரிவு வெட்டிய முகத்தைக் குடைந்து, மேலே தாங்கலற்ற துண்டை விட்டுவைக்கிறது, அடுத்துச் சரிவது அதுதான். தலை வெளியே இருந்தாலும் மார்பு வரை புதைந்தவர் ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் மண் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அடுத்த மூச்சு சிறுத்துப்போகிறது. இயந்திரத்தை நிறுத்தி, கூட்டத்தை விளிம்பிலிருந்து விலக்கி, மீட்புப் படையை அழைத்து, சுற்றிலும் முட்டுக் கொடுத்த பிறகுதான் கையால் மண்ணை அள்ளத் தொடங்க வேண்டும்.